ரிஸ்க் முறையும் சிஸ்க் முறையும்

"ரிஸ்க் முறைவழியாக்கிகளையும் சிஸ்க் முறைவழியாக்கிகளையும் ஒப்பிட்டு வேறுபாட்டினை விளக்குக" என்பது, பொறியியற் பீடங்களிற் கணினிக் கட்டமைப்புப் பயிலும் மாணவர் எதிர்கொள்ளும் வினாக்களுள் ஒன்று. முறைவழியாக்கி என்று நாம் வழங்குவதனையே தமிழகத்தார் செயலி என்பர். இவ்வினாவிற்கு மாணவர் எழுதும் விடை பெரும்பாலும் ஓர் அட்டவணையாக அமைகின்றது. ஒரு பக்கத்தில் "அறிவுறுத்தல்கள் சில, விரைவு மிகுதி" என்றும், மறுபக்கத்தில் "அறிவுறுத்தல்கள் பல, விரைவு குறைவு" என்றும் எழுதி விடுவர். இவ்விடையின் முதற்பகுதி அரைகுறை உண்மை. இரண்டாம் பகுதி காரணம் காட்டப்படாத தீர்ப்பு. எதனால் விரைவு, எவ்வளவு விரைவு, எந்நாளில் விரைவு என்று தேர்வாளர் ஒரு வினா மேலும் தொடுப்பாராயின் அட்டவணை மௌனமாகிவிடும். ஆதலின், ஒரு சிறு செய்நிரலை எடுத்து, அதனை இருவகைப் பொறிகளிலும் ஓட விட்டு, துடிப்புகளை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் போக்காகும்.

முதற்கண் பெயரைத் தெளிவு செய்வோம். ரிஸ்க் என்பது குறைக்கப்பட்ட அறிவுறுத்தற்றொகுதியை உடைய கணினி. சிஸ்க் என்பது சிக்கலான அறிவுறுத்தற்றொகுதியை உடைய கணினி. "குறைக்கப்பட்ட" என்னுஞ் சொல்லே பலரை மயக்குகின்றது. குறைக்கப்பட்டது அறிவுறுத்தல்களின் எண்ணிக்கை என்று கொள்வதிலும், ஒவ்வோர் அறிவுறுத்தலும் செய்யவேண்டிய வேலையின் அளவு என்று கொள்வதே பொருந்தும். ரிஸ்க்-ஐந்து எனப்படும் தொகுதியின் 32 பிற்று அடிப்படைப் பகுதியில் 40 அறிவுறுத்தல்களே உள; எனினும் பெருக்கல், தசம எண் கணிதம் முதலிய விரிவுகளைச் சேர்க்குந்தோறும் அத்தொகை வளர்ந்துகொண்டே செல்லும். வளர்ந்தபின்னரும் அது ரிஸ்க் ஆகவே நிற்கின்றது. அவ்வாறு நிற்பதற்குக் காரணமான இயல்புகள் இரண்டு. முதலாவது, கணித வேலை யாவும் பதிவகங்களுக்குள்ளேயே நடைபெறும். நினைவகத்தைத் தொடுவதற்கு ஏற்றல், சேமித்தல் என்னுந் தனி அறிவுறுத்தல்கள் உண்டு. இரண்டாவது, ஓர் அறிவுறுத்தல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகின்றது என்பதைப் பார்த்த மாத்திரத்திலே சொல்லிவிடலாம். இவ்விரண்டும் சிஸ்க் முறையில் இல்லை. வேறுபாடுகளாக நூல்கள் கூறும் ஏனையவை பெரும்பாலும் இவற்றிலிருந்து பிறப்பனவே.

சிஸ்க் முறையைப் பிழைபட்ட முறை என்று எண்ணுதல் தகாது. அது தோன்றிய காலத்தில் நினைவகம் விலை மிக்கதாகவும் வேகங் குறைந்ததாகவும் இருந்தது. ஒரே அறிவுறுத்தலில் பல வேலைகளை அடக்கினாற் செய்நிரல் சுருங்கும். நினைவகத்திற்குச் செல்லும் பயணங்களும் குறையும். முறைவழியாக்கியின் உள்ளே நுண்ணிரல் என்னும் சிறு கட்டளைத்தொடரை நிலையாகப் பொறித்து வைத்து, வெளியிலிருந்து வரும் ஒரு பெரிய அறிவுறுத்தலை அதனைக் கொண்டு படிப்படியாக நிறைவேற்றினர். புதிய அறிவுறுத்தல் ஒன்று வேண்டுமாயின் நுண்ணிரலிற் சில வரிகள் சேர்த்தாற் போதும். எனவே தொகுதிகள் பெருத்தன. அப்பெருக்கத்தின் உச்சமெனக் கூறத்தக்கது, 1977இல் டிஜிற்றல் நிறுவனத்தார் வெளியிட்ட வாக்ஸ் 11/780 என்னும் கணினி.

அக்கணினியில் INDEX என்று ஓர் அறிவுறுத்தல் இருந்தது. அணி ஒன்றின் உறுப்பினை எடுக்க விரும்பும்போது, கொடுத்த சுட்டெண் எல்லைக்குள் உள்ளதா என்று சோதித்து, உறுப்பின் இடத்தையும் கணித்துத் தருவது அதன் பணி. மேன்மொழியில் எழுதுவோருக்கு இதனினும் உதவியானது வேறென்ன வேண்டும் என்று அன்றைக்கு எண்ணியிருப்பர். ஆனால் 1980இல் டேவிட் பற்றர்சனும் டேவிட் டிற்செலும் எழுதிய ஆய்வுரை வியப்பான ஒரு செய்தியைக் கூறிற்று. INDEX செய்யும் அதே வேலையை ஒப்பிடல், தாவல், கூட்டல், பெருக்கல் ஆகிய எளிய அறிவுறுத்தல்களால், அதே கணினியில், செய்வித்தபோது அது 45 சதவீதம் விரைவாக முடிந்தது. பெரிய அறிவுறுத்தல் எல்லாச் சூழலுக்கும் ஏற்றதாக எழுதப்பட்டமையால், வேண்டாத சோதனைகளையும் சுமந்து சென்றது. எளியவற்றைக் கோத்த தொகுப்பியோ அவ்விடத்திற்கு வேண்டியதை மட்டுஞ் செய்தது. (மேன்மொழிச் செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளே ஈண்டுத் தொகுப்பி எனப்படுவது.) ரிஸ்க் கொள்கையின் வித்து இங்கே இருக்கின்றது: பொறி செய்யும் வேலையிற் சிலவற்றைத் தொகுப்பியிடம் ஒப்படைத்துவிடுக என்பதே அது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் கொக் என்பாரின் வழிகாட்டலில் 1970களின் நடுவிலே தொடங்கிய 801 என்னுந் திட்டம் இக்கொள்கைக்கு முன்னோடி. பின்னர் பேர்க்கிலியில் பற்றர்சனும் ஸ்ரான்போட்டில் ஜோன் ஹெனசியும் அதனைச் சிற்றுகளிற் செய்து காட்டினர்.

விரைவை அளக்கும் சூத்திரம் ஒன்றே ஒன்று.

```
T = N × C × t
```

இங்கே T என்பது செய்நிரல் முடிய எடுக்கும் நேரம். N நிறைவேற்றப்படும் அறிவுறுத்தல்களின் தொகை. C ஓர் அறிவுறுத்தலுக்குச் சராசரியாகச் செல்லுந் துடிப்புகள். t ஒரு துடிப்பின் கால அளவு. சிஸ்க் முறை N என்பதைக் குறைக்க முயல்கின்றது. ரிஸ்க் முறை N சற்றுக் கூடினாலுங் கூடுக என்று விட்டு, C, t ஆகியவற்றைக் குறைக்க முயல்கின்றது. எது வெல்லும் என்பது பெருக்குத்தொகையைப் பொறுத்தது. விடைத்தாளில் இச்சூத்திரம் இல்லாத ஒப்பீடு ஒப்பீடே அன்று என்பது என் கருத்து.

பெருக்குத்தொகையை உண்மையாகவே அளந்தவர் உளர். 1991இல் திலீப் பண்டார்கர், டக்ளஸ் கிளார்க் ஆகிய இருவரும் வாக்ஸ் 8700 என்னுஞ் சிஸ்க் கணினியையும், மிப்ஸ் எம்/2000 என்னும் ரிஸ்க் கணினியையும், ஒரே சோதனை நிரல்களை ஓட்டி ஒப்பிட்டனர். மிப்ஸ் ஏறத்தாழ இரு மடங்கு அறிவுறுத்தல்களை நிறைவேற்றியது. ஆனால் அதன் C, வாக்சின் C இல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக இருந்தது. இரண்டினையும் பெருக்க மூன்றில் ஒன்று வரும். அதாவது, துடிப்புகளின் கணக்கில் ரிஸ்க் ஏறத்தாழ மும்மடங்கு விரைவு. இவ்விருவரும் வாக்சினைச் செய்த டிஜிற்றல் நிறுவனத்தையே சார்ந்தவர்கள் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. தம் வீட்டுச் சரக்கின் குறையைத் தாமே அளந்து வெளியிட்டனர்.

இனி நம் செய்நிரலுக்கு வருவோம். நூறு எண்கள் நினைவகத்தில் வரிசையாக உள. ஒவ்வொன்றுடனும் 5 கூட்ட வேண்டும். இன்ரெல் நிறுவனத்தின் சிஸ்க் தொகுதியில், சுற்றின் உடல் பின்வருமாறு அமையும்.

```
L:  add dword ptr [ebx], 5
    add ebx, 4
    cmp ebx, ecx
    jne L
```

முதல் வரியை ஊன்றி நோக்குக. ebx காட்டும் இடத்திலுள்ள எண்ணை நினைவகத்திலிருந்து எடுத்தல், 5 கூட்டல், விளைவை அதே இடத்தில் மீளவைத்தல் ஆகிய மூன்று வேலைகளும் ஒரே அறிவுறுத்தலில் அடங்கியுள்ளன. இதுவே சிஸ்க் முறையின் அடையாளம். ரிஸ்க்-ஐந்து தொகுதியில் அம்மூன்றும் மூன்று வரிகளாகப் பிரியும். a0 நடப்பு இடத்தையும் a1 முடிவிடத்தையும் காட்டுவன.

```
L:  lw   a5, 0(a0)
    addi a5, a5, 5
    sw   a5, 0(a0)
    addi a0, a0, 4
    bne  a0, a1, L
```

சிஸ்க் நான்கு அறிவுறுத்தல், ரிஸ்க் ஐந்து. இரண்டு வரி கூடவேண்டிய இடத்தில் ஒன்றே கூடியது எவ்வாறெனின், ஒப்பிடுதலும் தாவுதலும் bne என்பதில் ஒன்றாகிவிட்டன. ஆகவே "சிஸ்க் அறிவுறுத்தல் எப்பொழுதும் பெரிது" என்ற கூற்றும் முழுதும் உண்மையன்று.

துடிப்புகளை எண்ணுமுன், பைப்லைன் எனப்படும் படித்தொடரை விளங்கிக்கொள்ளல் வேண்டும். மாத்தளைப் பகுதி மாணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலை புதிதன்று. கொழுந்து வாட்டப்படுகின்றது, உருட்டப்படுகின்றது, நொதிக்க விடப்படுகின்றது, உலர்த்தப்படுகின்றது, பின்னர்த் தரம் பிரிக்கப்படுகின்றது. முதல் நாட் கொழுந்து தரம் பிரிந்து முடியும்வரை அடுத்த கொழுந்தினை வாட்டாது நிறுத்திவைக்கும் தொழிற்சாலை எங்கும் இல்லை. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு தொகுதி இருந்துகொண்டே இருக்கும். ரிஸ்க் முறைவழியாக்கியின் பழைய பாடநூல் வடிவமும் ஐந்து படிகளை உடையது: அறிவுறுத்தலைக் கொணர்தல், அதனைப் பிரித்தறிந்து பதிவகங்களை வாசித்தல், கணித்தல், நினைவகத்தை அணுகல், விளைவைப் பதிவகத்தில் எழுதல். ஓர் அறிவுறுத்தல் முழுதும் முடிய ஐந்து துடிப்பு ஆயினும், ஒவ்வொரு துடிப்பிலும் ஒன்று முடிந்து வெளிவருகின்றது. எல்லாத் தொகுதிகளும் ஒவ்வொரு படியிலும் ஒரே நேரமே தங்கினாற்றான் இத்தொடர் இடையறாது ஓடும். ரிஸ்க் முறை அறிவுறுத்தல்களைச் சிறிதாகவும் ஒரே தரத்தினவாகவும் ஆக்கியது இதன்பொருட்டே.

ஆயினும் இடையூறுகள் உண்டு. நம் சுற்றில் lw என்பது நினைவகத்திலிருந்து எண்ணைப் பெறுவது நான்காம் படியின் முடிவில். அடுத்து வரும் addi அவ்வெண்ணைத் தன் மூன்றாம் படியின் தொடக்கத்திலேயே வேண்டுகின்றது. விளைவு பதிவகத்தை அடையுமுன்னரே குறுக்குவழியில் அனுப்பினாலும் ஒரு துடிப்புத் தாமதிக்கும். கொழுந்து வந்து சேராதபோது உருட்டும் பொறி வெறுமனே சுழல்வதைப் போன்றது இது. இன்னும், bne தாவுமா தாவாதா என்பது மூன்றாம் படியிலேதான் முடிவாகின்றது. அதற்குள் தொடரில் நுழைந்துவிட்ட இரண்டு அறிவுறுத்தல்கள் பயனற்றுக் கழிக்கப்படும். தாவலை முன்கூட்டியே ஊகிக்கும் உறுப்பு இல்லை என்று கொள்வோமாயின், ஒரு சுற்றுக்கு அறிவுறுத்தல்கள் 5, எண்ணுக்காகக் காத்திருத்தல் 1, தாவலால் இழப்பு 2. ஆக 8 துடிப்பு.

இங்கே தொகுப்பியின் திறமை புகுகின்றது. காத்திருக்கும் அவ்வொரு துடிப்பில் வேறொரு வேலையைச் செய்யலாமன்றோ? இடத்தை நகர்த்தும் addi வரியை மேலே கொண்டுவந்தால் அது முடியும்.

```
L:  lw   a5, 0(a0)
    addi a0, a0, 4
    addi a5, a5, 5
    sw   a5, -4(a0)
    bne  a0, a1, L
```

a0 முன்னதாகவே 4 கூடிவிட்டமையால், சேமிக்கும் வரியில் -4 என்று ஈடு செய்தல் வேண்டும். மாணவர் பலர் வரியை நகர்த்திவிட்டு இவ்வீட்டினை மறந்துவிடுகின்றனர். அவ்வாறு மறந்தால் ஒவ்வொரு விளைவும் அடுத்த எண்ணின் இடத்தில் எழுதப்படும். அணியின் முதலெண் மாறாது கிடக்க, இறுதியெண்ணுக்கு அப்பாலுள்ள இடமொன்று கெடும். முதலெண் மாறவில்லையெனக் காணின் பிழை இதுவெனக் கொள்க. சரியாகச் செய்தால் ஒரு சுற்றுக்கு 7 துடிப்பு. நூறு சுற்றுக்கு ஏறத்தாழ 800 துடிப்பு 700 ஆகின்றது. பொறியில் ஒரு கம்பியும் மாறவில்லை. வரிசை மட்டுமே மாறியது.

சிஸ்க் பக்கத்தினை இப்பொழுது எண்ணுவோம். இன்ரெல் 8086 வெளிவந்தது 1978இல். அதில் 16 பிற்று எண்களுக்கு ஏற்பப் பதிவகங்கள் bx, cx ஆகவும் நகர்வு 2 ஆகவும் மாறும். மற்றைய யாவும் அதே நான்கு வரிகள். அந்நிறுவனத்தின் கைந்நூல் தரும் கணக்கின்படி, நினைவகத்திலுள்ள எண்ணுடன் ஒரு மாறிலியைக் கூட்ட 17 துடிப்பும், bx கொண்டு இடத்தைக் கணிக்க 5 துடிப்புமாக முதல் வரிக்கு 22. அடுத்த கூட்டலுக்கு 4, ஒப்பிடலுக்கு 3, தாவல் நிகழின் 16. மொத்தம் 45. நான்கு அறிவுறுத்தலுக்கு 45 துடிப்பு என்றால், C பதினொன்றுக்கு மேல். அட்டவணையில் மாணவர் எழுதும் "சிஸ்க் தாமதம்" என்பது இந்நாளைய சிஸ்க்குக்கு உரியதாயின் நன்றே. ஆனால் அஃது உண்மையில் இப்பழைய கணக்கிற்கே உரியது.

1989இல் வெளிவந்த 80486 அதே குடும்பத்தது. அதே வரிகளை அப்படியே ஓட்டும். வேண்டிய எண்கள் உள்ளிருக்கும் விரைவு நினைவகத்திற் கிடைக்குமாயின், முதல் வரிக்கு 3 துடிப்பு, கூட்டலுக்கு 1, ஒப்பிடலுக்கு 1, தாவலுக்கு 3. மொத்தம் 8. நாம் எழுதிய முதல் ரிஸ்க் சுற்றுக்குப் பாடநூற் பொறி எடுத்ததும் எட்டே என்பதை நினைவு கூர்க. பதினோர் ஆண்டில் 45 எட்டாகியது எவ்வாறு? 80486இன் உள்ளேயும் ஐந்து படிகளைக் கொண்ட படித்தொடர் வந்துவிட்டது. அடிக்கடி வரும் எளிய அறிவுறுத்தல்கள் ஒரே துடிப்பில் முடியுமாறு அமைக்கப்பட்டன. 1995இல் வந்த பென்ரியம் புறோ இதனினும் ஒரு படி மேற்சென்றது. அது சிஸ்க் அறிவுறுத்தலைப் பெற்றவுடன் ஏற்றல், கூட்டல், சேமித்தல் என்னுஞ் சிறு நுண்செயல்களாக உடைத்து, அவற்றையே உள்ளே ஓட்டியது. வெளியே சிஸ்க், உள்ளே ஏறத்தாழ ரிஸ்க். "பென்ரியம் எவ்வகை?" என்ற வினாவிற்கு, "அறிவுறுத்தற்றொகுதி சிஸ்க், உள்ளமைப்பு ரிஸ்க்கின் உத்திகளைத் தழுவியது" என்று இரு பகுதியாக விடை கூறுவதே முறை. ரிஸ்க், சிஸ்க் என்பன தொகுதியின் பெயர்கள். சிற்றின் விரைவுக்கு இட்ட பெயர்கள் அல்ல.

அவ்வாறாயின் இரண்டுக்கும் இன்று வேறுபாடே இல்லையா? உண்டு. மேலே கூறிய இரண்டாம் இயல்பில் அது நிலைத்துள்ளது. இன்ரெல் தொகுதியில் ஓர் அறிவுறுத்தலின் நீளம் 1 பைற்று முதல் 15 பைற்று வரை. நம் முதல் வரியின் இயந்திர வடிவத்தையும், அதனை ஒத்த வேறு இரண்டின் வடிவத்தையும் காண்க.

```
83 03 05               add dword ptr [ebx], 5
83 43 08 05            add dword ptr [ebx+8], 5
83 05 00 10 00 00 05   add dword ptr [1000h], 5
```

மூன்றும் 83 என்றே தொடங்குகின்றன. ஒன்று 3 பைற்று, ஒன்று 4, ஒன்று 7. முதற் பைற்றைக் கண்டவுடன் நீளத்தைச் சொல்ல இயலாது. இரண்டாம் பைற்றையும் ஆராய்ந்த பின்னரே அடுத்த அறிவுறுத்தலின் தொடக்கம் தெரியும். ஒவ்வொன்றாகப் படிப்பதாயின் இதனால் பெருங்கேடில்லை. ஆனால் இந்நாள் முறைவழியாக்கி ஒரே துடிப்பில் நான்கு, ஆறு அறிவுறுத்தல்களைச் சேர்த்துப் பிரித்தறிய முயல்கின்றது. இரண்டாவதன் தொடக்கம் முதலாவதன் நீளத்தைச் சார்ந்தது. மூன்றாவதன் தொடக்கம் முன்னைய இரண்டனையும் சார்ந்தது. இச்சங்கிலியை அறுக்க, ஒவ்வொரு பைற்றும் ஒரு தொடக்கமாயிருக்கலாம் என்று கொண்டு பல இடங்களில் ஒருங்கே ஆராய்ந்து, தவறானவற்றை எறிந்துவிட வேண்டியிருக்கின்றது. அதற்கு இடமும் மின்வலுவும் செலவாகின்றன. எல்லா அறிவுறுத்தலும் 4 பைற்று என்னும் ரிஸ்க் தொகுதியிலோ, எட்டாவது அறிவுறுத்தல் 28ஆம் பைற்றிற்கு அப்பால் தொடங்குமென்பது பாராமலே தெரியும்.

இச்செலவு பெரிய சிற்றில் ஒரு சிறு கூறு. கோடிக்கணக்கான திரான்சிஸ்ரர்களுள் பிரித்தறியும் உறுப்பு கொள்ளும் பங்கு சிறிதே. ஆகவே மேசைக் கணினிகளில் இன்ரெல் தொகுதி இன்றும் நிலைத்திருக்கின்றது. அதற்கென எழுதப்பட்ட மென்பொருளின் திரளும் அதனைத் தாங்கி நிற்கின்றது. சிறிய சிற்றுகளிலேயே அக்கூறு பெரிதாகின்றது. கையடக்கக் கருவிகள், மானிகள், கட்டுப்பாட்டுப் பொறிகள் ஆகியவற்றில் ஆர்ம் முதலிய ரிஸ்க் தொகுதிகள் ஆட்சி செய்வதற்கு இஃதொரு காரணம்.

மற்றொரு காரணம், புதிதாக ஒரு முறைவழியாக்கியை ஆக்கப் புகுவோரின் உழைப்புப் பற்றியது. அதற்கு நமக்கு அண்மையிலேயே சான்று உண்டு. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் வீ. காமகோடி அவர்களின் குழுவினர் 2014இல் "சக்தி" என்னும் முறைவழியாக்கித் திட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கைக்கொண்டது ரிஸ்க்-ஐந்து தொகுதி. அது கலிபோர்ணியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 2010இல் தோன்றியது. இத்தொகுதியை எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இன்ரெல் தொகுதிக்கு அவ்வுரிமை இல்லை. உரிமை இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், 1978 முதல் சேர்ந்துவந்த அறிவுறுத்தல்கள் அனைத்தையும் பிசகின்றி நிறைவேற்றும் பொறியைப் பல்கலைக்கழகக் குழுவொன்று ஆக்கிச் சோதித்து முடித்தல் எளிதன்று. நாற்பது அறிவுறுத்தல்களைக் கொண்ட அடிப்படையிலிருந்து தொடங்கி, வேண்டிய விரிவுகளை மட்டுஞ் சேர்த்துச் செல்லுதல் இயலக்கூடியது.

சக்தி ஒரே சிற்று அன்று, ஒரு குடும்பம். ஈ வகுப்பு மூன்று படிகளை உடைய சிறு வடிவம்; கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு உரியது. சி வகுப்பு ஐந்து படிகளை உடையது. லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்ட வல்லது. நாம் தாளில் எண்ணிய ஐந்து படிகளுக்கு உயிருள்ள உதாரணம் வேண்டுவோர் சி வகுப்பினையே நோக்கலாம். அதன் வரைவு முழுவதும் பொதுவில் வெளியிடப்பட்டுள்ளது. பாடநூற் பொறியினும் அது நுட்பமானதாகையால், துடிப்புக் கணக்கு நாம் எண்ணியவாறே அதிலும் அமையும் என்று கொள்ளற்க. 2018இல் இக்குடும்பத்தின் சிற்றுகள் இரண்டு உருப்பெற்றன. ஒன்று இன்ரெல் நிறுவனத்தின் 22 நனோமீற்றர் முறையில் ஆக்கப்பட்டது. சிஸ்க் குடும்பத்தின் தாய்வீட்டிலேயே இந்த ரிஸ்க் பிள்ளை பிறந்தது என்று மாணவர் புன்முறுவல் செய்யலாம். மற்றையது சண்டிகாரிலுள்ள அரைக்கடத்தி ஆய்வுகூடத்தில் 180 நனோமீற்றர் முறையில் ஆக்கப்பட்டது. 2025இல், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து, விண்கலக் கட்டுப்பாட்டுக்கென "ஐரிஸ்" என்னுஞ் சிற்றினைச் சக்தியின் அடிப்படையில் ஆக்கி வெளியிட்டனர். அதுவும் சண்டிகாரிலேயே வார்க்கப்பட்டது.

180 நனோமீற்றர் என்பது பழைய முறை. 22 நனோமீற்றரினும் மிகப் பருமனானது. அம்முறையில் t என்பது பெரிதாகவே இருக்கும். தொகுதி ரிஸ்க் ஆனமையால் மட்டும் சிற்று விரைந்துவிடாது என்பதற்கு இது சான்று. சூத்திரத்திலுள்ள N, C ஆகியவற்றைத் தொகுதியும் தொகுப்பியும் உள்ளமைப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. t இன் பெரும்பகுதியை வார்ப்புச்சாலை தீர்மானிக்கின்றது. விண்கலத்திலோ விரைவினும் நம்பகமே முதன்மை. அங்கே பழைய முறை இழுக்கன்று.

ரிஸ்க் முறைக்குள்ள உண்மையான குறை ஒன்றினையும் விடையிற் குறிப்பிடுதல் வேண்டும். அது செய்நிரலின் பருமன். நம் சுற்று இன்ரெல் தொகுதியில் 3, 3, 2, 2 என 10 பைற்று. ரிஸ்க்-ஐந்தில் ஐந்து அறிவுறுத்தல், நான்கு நான்காக 20 பைற்று. சரியாக இரு மடங்கு. சிறு நினைவகமே உள்ள கருவிகளில் இஃது இழப்பு. இதனை ஈடுசெய்ய, அடிக்கடி வரும் அறிவுறுத்தல்களுக்கு 2 பைற்று வடிவமொன்றும் ரிஸ்க்-ஐந்தில் விரிவாகச் சேர்க்கப்பட்டது. அவ்வாறாயின் நீளம் மாறுபடுமே, சிஸ்க் ஆகிவிடாதா எனின், ஆகாது. ஒவ்வோர் அறிவுறுத்தலின் கடைசி இரண்டு பிற்றுகளை மட்டும் பார்த்தாற் போதும். அவை 11 ஆயின் 4 பைற்று. அன்றேல் 2 பைற்று. 83 இல் தொடங்கி மூன்று வழிகளிற் செல்லும் குழப்பம் இங்கே இல்லை.

இவ்விரிவைப் பயன்படுத்தினால், நாம் முதலில் எழுதிய ரிஸ்க் சுற்றில் bne ஒழிந்த நான்கும் 2 பைற்றாகச் சுருங்கும். இரு பதிவகங்களை ஒப்பிடும் bne இற்குக் குறுவடிவம் இல்லையாதலின் அது 4 பைற்றாகவே நிற்கும். மொத்தம் 12 பைற்று. சிஸ்க்கின் 10 இற்கு மிக அருகில் வந்துவிட்டோம். ஆனால் வரிசை மாற்றி ஒரு துடிப்பை மிச்சப்படுத்திய இரண்டாம் வடிவத்தினை இவ்வாறு சுருக்க முயன்றால் ஒரு தடை எழும். sw இன் குறுவடிவம் எதிர்மறை ஈட்டினை ஏற்பதில்லை. -4 என்று எழுதிய அவ்வரி 4 பைற்றாகவே நிற்க, சுற்று 14 பைற்றாகும். ஒரு துடிப்பு வேண்டுமாயின் இரண்டு பைற்றுக் கொடுக்க வேண்டும். எதனைத் தெரிவது என்பது தொகுப்பிக்கு நாம் இடும் கட்டளையைப் பொறுத்தது, ஜி.சி.சி. தொகுப்பியில் `-O2` என்பது விரைவையும், `-Os` என்பது பருமனையும் நோக்கும்.